+1 வாளுக்குப் பதில் ஒரு விளக்கு: மூன்று முறை மாற்றி எழுதிய கதை

எங்கள் டி&டி ஐந்தாம் பதிப்பு கேம்பெய்னில், அதாவது பகடை உருட்டி எல்லோரும் சேர்ந்து ஆடும் கதை விளையாட்டில், கதையை நடத்தும் டிஎம் நான்தான். மூன்றாம் லெவலில் வீரனுக்கு ஒரு +1 வாள் கொடுத்தேன். பழைய அரசனின் வாள், கைப்பிடியில் பருந்து என்றெல்லாம் வர்ணித்தேன். இரண்டு செஷன் கழித்து அது அவனுடைய ஷீட்டில் ஓர் எண்ணாக மட்டும் இருந்தது. பருந்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

அவர்கள் மேல் தப்பில்லை. வெட்டு படுகிறதா என்று பார்க்க உருட்டும் இருபது பக்கப் பகடையான டி20-இல் +1 என்றால் ஒரே ஒரு பக்கத்தின் முடிவுதான் மாறுகிறது. ஒரு செஷனில் வீரன் இருபது முறை வெட்டினால், சராசரியாக, தவறியிருக்க வேண்டிய ஒரு வெட்டு படும். படும் வெட்டுக்கெல்லாம் ஒரு புள்ளி கூடுதல் சேதம். பயன் இருக்கிறதுதான், ஆனால் அதற்காக அவன் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்த புதையலுக்கு ஒரு விளக்கை எடுத்துக்கொண்டேன். விதிநூலிலேயே அப்படி ஒன்று உண்டு: அதன் பிரகாசமான ஒளி விழும் 30 அடிக்குள் மறைமாயத்தில் இருப்பவை கண்ணுக்குத் தெரியும். அதை அப்படியே கொடுத்தேன். ஒரு பைன்ட் எண்ணெயில் ஆறு மணி நேரம் எரியும் பொருள் என்பதால், நுழைவாயிலிலேயே ஏற்றிவிட்டு மறந்துவிட்டார்கள். மறைந்து நிற்கும் எதிரி என்ற ஒன்றே என் கதையில் இல்லாமல் போனது.

இரண்டாம் வடிவத்தில் எண்ணெயை மூன்று சொட்டாகக் குறைத்தேன். ஒரு சொட்டுக்குப் பத்து நிமிடம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். நான்கு செஷனில் ஒரு சொட்டுகூடச் செலவாகவில்லை. “கடைசிச் சண்டைக்கு வேண்டும்” என்று மூட்டையிலேயே கிடந்தது. சரி, ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் உயிர்ப்புள்ளி கொஞ்சம் போகும் என்று வைத்தால்? யோசித்ததுமே கைவிட்டேன். அது வெறும் கட்டணம். ஒரு ஹீலிங் மந்திரத்தில் சரியாகிவிடும்.

மூன்றாம் வடிவம்தான் நின்றது. விடியும்போது ஒரு சொட்டு ஊறும், மூன்றுக்கு மேல் சேராது. அதனால் பதுக்கி வைத்தால் நட்டம். ஏற்ற, பொதுவாக ஒருவர் முறைக்கு ஒன்றே கிடைக்கும் ஒரு ஆக்‌ஷன், அணைக்க ஒரு ஆக்‌ஷன். முக்கியமான வரி இது: 30 அடிக்குள் எதுவும் மறைந்திருக்க முடியாது, நம் ஆட்களும்தான். பதுங்கியிருந்து தாக்கும் நம் ரோக் வெளிப்பட்டுவிடுவாள், மந்திரவாதியின் மறைமாயமும் பலிக்காது. இதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். பாதகம் என் நினைவில் மட்டும் இருந்தால் அது திடீரென்று விழும் தண்டனையாகிவிடும், முன்கூட்டியே எடைபோட அவர்களுக்கு வழியிருக்காது.

போன செஷனில் வேலை செய்தது. எல்லோரும் ஐந்தாம் லெவல். பாழடைந்த மண்டபத்தில் ரோக் உத்தரத்தின் மேல் பதுங்கியிருக்கிறாள், கீழே இரண்டு குறுக்குவில் காவலர்களுக்கு அவள் இருப்பதே தெரியாது. அவளிடமிருந்து 40 அடி தள்ளி மந்திரவாதியைக் கண்ணுக்குத் தெரியாத ஒருவன் குத்திக்கொண்டிருக்கிறான். மறைந்திருப்பதால் அவனுக்கு அட்வான்டேஜ், இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பான். அவனைத் திருப்பி அடிப்பவர்களுக்கு டிஸ்அட்வான்டேஜ், சிறிய எண்தான். விளக்கு வீரன் கையில். அவன் நடுவில், ரோக்கிடமிருந்து 15 அடியில் நிற்கிறான்.

“ஒரு ரவுண்டு பொறு, நான் தள்ளிப் போய்விடுகிறேன்” என்றாள் ரோக். “எனக்கு ஏழு புள்ளிதான் இருக்கிறது, ஒரு ரவுண்டெல்லாம் தாங்காது” என்றார் மந்திரவாதி. ஐந்து நிமிடம் வாக்குவாதம். இடையில் புகாமல் இருக்க நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில் வீரன், தன்னோடு மோதிக்கொண்டிருந்த இன்னொரு காவலன், எதிரி விலகும்போது அடிக்கும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கை வாங்கிக்கொண்டு மந்திரவாதி பக்கம் 20 அடி நடந்து, அங்கே விளக்கை ஏற்றினான். இப்போது ரோக் 35 அடியில், ஒளிக்கு வெளியே. கொலைகாரன் வெளிச்சத்தில். தன் ஆக்‌ஷன் விளக்குக்கே போனதால் வீரனால் அந்த ரவுண்டில் வெட்ட முடியவில்லை. ரோக் எய்த அம்பு மட்டும் ஸ்னீக் அட்டாக்கின் கூடுதல் சேதமான 3டி6-உடன், அதாவது மூன்று ஆறுபக்கப் பகடையுடன், இறங்கியது. இந்த வழி எனக்கே தோன்றியிருக்கவில்லை.

ஒரு குறை பிறகு தெரிந்தது. விளக்கை வைத்திருப்பவன் முடிவெடுக்கிறான், பாதகமோ பெரும்பாலும் ரோக் தலையில்தான் விழுகிறது. வீரனுக்குப் பதுங்கும் வேலையே இல்லையே. எங்கள் மேஜையில் சண்டை வராமல் போனது, அவர்கள் பழைய நண்பர்கள் என்பதால்தான். அடுத்த செஷனில் விளக்கு ரோக் கைக்குப் போகிற மாதிரி ஏதாவது நடக்குமா என்று பார்க்க, அதைத் திருட வரும் ஒருவனைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். +1 வாளை இன்னும் வீரனிடமிருந்து வாங்கவில்லை. அது மந்திர ஆயுதம் என்பதற்காகவாவது சில அரக்கர்களிடம் உதவும்.