24,500 ரூபாய் பில்லுக்காக மூன்று முறை ராணிப்பேட்டை போனேன்

வேலூர் தோட்டப்பாளையத்தில் சின்னதாக ஒரு எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். கவுண்டர் வியாபாரம்தான் அதிகம், கம்பெனி ஆர்டர் எப்போதாவது வரும். போன மாதம் ராணிப்பேட்டையில் ஷூ மேல்பாகம் தைக்கிற ஒரு யூனிட்டுக்கு ஐந்து எக்ஸாஸ்ட் ஃபேன் கொடுத்தேன். பேரம் பேசி ஒன்று 4,900 ரூபாய் என்று முடிந்தது, வரி எல்லாம் சேர்த்து. ஐந்துக்கும் 24,500. பர்ச்சேஸ் ஆர்டரிலும் 'வரி உட்பட' என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். சரக்கு டெம்போவில் ஏறிப் போனது, மாட்டியும் விட்டார்கள். ஒரு குறையும் இல்லை. பணம் வரத்தான் பதினேழு நாள் ஆனது. காரணம் முழுக்க என் பில்.

ஃபேனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இரண்டு பேரும் தமிழ்நாட்டில் இருப்பதால் மத்திய வரி 9, மாநில வரி 9. கவுண்டரில் விலை சொல்லும்போது இதையெல்லாம் பிரிக்க வேண்டிய தேவை வராது, ஆனால் கம்பெனிக்கு ஜிஎஸ்டி எண் போட்டுப் பில் கொடுக்கும்போது வரி இல்லாத மதிப்பு தனியாக, வரி தனியாக வந்தாக வேண்டும். நான் கால்குலேட்டரை எடுத்து 24,500-க்கு 18 சதவீதம் போட்டேன். 4,410 வந்தது. அதைக் கழித்து 20,090 என்று மதிப்பு எழுதி, வரியைப் பாதியாக்கி 2,205, 2,205 என்று போட்டேன். கூட்டினால் சரியாக 24,500. சந்தேகமே வரவில்லை. அதுதான் இந்தத் தப்பின் ஆபத்து: கூட்டல் தப்பாது, வரிதான் தப்பும்.

நாலாவது நாள் அங்கிருந்து அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர் போன் செய்தார். "உங்க பில்லு பாஸ் ஆவல, நேர்ல வாங்க." என்ன தப்பு என்று கேட்டேன். "வந்தா சொல்றேன்" என்று வைத்துவிட்டார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் உட்கார வைத்த பிறகு பில்லைத் திருப்பி என் பக்கம் தள்ளி, "இருபதாயிரத்து தொண்ணூறுக்கு ஒன்பது பர்சன்ட் போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். 1,808 ரூபாய் 10 காசு. நான் எழுதியிருந்தது 2,205. "சரி பண்ணி எடுத்துட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான். எப்படிச் சரி பண்ணுவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த அலைச்சல் எனக்கு மிச்சமாகியிருக்கும். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அவர் காட்டிய 1,808.10-ஐயே பிடித்துக்கொண்டு, 20,090-உடன் இரண்டு வரியும் சேர்த்து அடுத்த எண்ணில் இன்னொரு பில் போட்டேன். 23,706.20 வந்தது. வரி இப்போது சதவீதத்துக்குச் சரி. ஆனால் பேசிய விலையில் 793 ரூபாய் 80 காசு காணாமல் போயிருந்தது. அவசரத்தில் அதைக்கூட யோசிக்காமல் எடுத்துக்கொண்டு போனேன். ஆர்டர் 24,500, பில் 23,706, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அதையும் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது பயணமும் வீண்.

அன்று மாலை எங்கள் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர் ஆபீசில் இருக்கிற அக்காவிடம் இரண்டு பில்லையும் கொண்டுபோய் வைத்தேன். பார்த்ததும் கேட்டார்: "இன்னா தம்பி, நூத்துப் பதினெட்டு ரூபாய்க்கு ஒரு சாமான் வித்தா அதுல வரி எவ்ளோ?" பதினெட்டு என்றேன். "அப்போ நூத்துப் பதினெட்டுல பதினெட்டு பர்சன்ட் போட்டா எவ்ளோ வருது?" போட்டுப் பார்த்தேன், 21 ரூபாய் 24 காசு. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வரி என்பது வரி இல்லாத மதிப்பின் மேல் 18 சதவீதம். மொத்தத் தொகைக்குள் ஏற்கனவே வரி இருக்கிறது, அதன்மேல் 18 சதவீதம் எடுத்தால் வரிக்கும் வரி எடுத்ததாகிவிடும். மொத்தத்தை 118 பங்காக வைத்து அதில் 18 பங்கு வரி, 100 பங்கு மதிப்பு, இதுதான் கணக்கு. ஜிஎஸ்டி விதிகளில் 35-வது விதியே இதுதான் என்றார்: வரி சேர்ந்த தொகையை வரி விகிதத்தால் பெருக்கி, 100-உடன் விகிதத்தைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும்.

24,500-ஐ 100-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்தால் 20,762.71. மீதி 3,737.29 வரி. என் முதல் பில்லில் 4,410 என்று போட்டிருந்தேனே, அது 672 ரூபாய் 71 காசு அதிகம். அந்தப் பில் பாஸ் ஆகியிருந்தால் அந்தத் தொகை என் லாபத்திலிருந்துதான் போயிருக்கும், ஏனென்றால் பில்லில் வரி என்று எழுதி வாங்கியதை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும். ஃபேனில் எனக்கு நின்ற லாபத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, இனி முடிந்தது என்று நினைத்தேன். இந்த முறை நேரில் போகாமல் முதலில் வாட்ஸ்அப்பில் மாதிரியை அனுப்பினேன். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். கம்பெனிக்குப் பில் போடுகிற யாரும் அச்சடிக்கும் முன் ஒரு படம் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். பதில் வந்தது: "ரேட் இன்ட்டு குவான்டிட்டி டேலி ஆவல." ஒரு ஃபேனின் விலை 4,152.54 என்று போட்டிருந்தேன். அதை ஐந்தால் பெருக்கினால் 20,762.70 வரும், நான் எழுதியது 20,762.71. ஒரு காசு! கூடவே இன்னொன்று: வரி 3,737.29 என்று ஒற்றைப்படைக் காசில் நிற்கிறது, அதைச் சமமாகப் பாதியாக்க முடியாது. ஒன்றில் 1,868.64, மற்றதில் 1,868.65 என்று போட்டிருந்தேன். மத்திய வரியும் மாநில வரியும் ஒரே தொகையாக இருக்க வேண்டும், அது தப்பு என்று அக்கா சொன்னார்.

அதனால் மேலிருந்து கீழே பிரிப்பதை விட்டுவிட்டு, ஒரு ஃபேனிலிருந்து தொடங்கி மேலே கட்டினோம். விலை 4,152.54. ஐந்துக்கு 20,762.70. அதில் 9 சதவீதம் 1,868.64, இரண்டுக்கும் அதே தொகை. கூட்டினால் 24,499.98. கடைசியில் 'ரவுண்ட் ஆஃப்' என்று தனி வரியில் 0.02 போட்டு 24,500.00. ஒவ்வொரு வரியையும் யார் கால்குலேட்டரில் தட்டினாலும் அதே எண் வரும். காசுகளை வரியில் ஒளித்து வைக்கக் கூடாது, ரவுண்ட் ஆஃப் வரியில்தான் வைக்க வேண்டும், இதுதான் நான் பிடித்துக்கொண்ட முக்கியமான விஷயம். மூன்றாவது பயணத்தில் பத்து நிமிஷத்தில் சீல் விழுந்தது. மறுநாள் மதியம் வங்கியிலிருந்து மெசேஜ்.

நல்லவேளை, இதெல்லாம் ஒரே மாதத்துக்குள் நடந்தது. நான் மாதாமாதம் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 போடுகிறவன், அடுத்த மாதம் 11-ஆம் தேதி வரை நேரம் இருந்தது. முதல் இரண்டு பில்லின் அசலையும் திரும்ப வாங்கி, குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதி வைத்துவிட்டோம். கிழித்துப் போடக் கூடாது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டோம், அதில் எத்தனை ரத்து என்று ரிட்டர்னில் கேட்பார்கள்.

இப்போது கடைக் கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் வைத்திருக்கிறேன். B2-வில் ஒன்றின் வரி சேர்ந்த விலை, C2-வில் எண்ணிக்கை:

```
D2  =ROUND(B2*100/118,2)
E2  =ROUND(D2*C2,2)
F2  =ROUND(E2*9%,2)
G2  =B2*C2-(E2+2*F2)
```

E2 மதிப்பு, F2 ஒரு பக்கத்து வரி, G2 ரவுண்ட் ஆஃப். ஐந்து, பத்து உருப்படிக்கு இது கச்சிதம். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. அதே யூனிட்டுக்குப் பிறகு 600 ஜங்ஷன் பாக்ஸ் கேட்டார்கள், ஒன்று 14 ரூபாய், வரி உட்பட. ஷீட் 11.86 என்று விலை காட்டியது. 600-க்கு 7,116, வரியோடு 8,396.88. ரவுண்ட் ஆஃப் 3 ரூபாய் 12 காசு! ரவுண்ட் ஆஃப் ஒரு ரூபாயைத் தாண்டினால் எங்கேயோ கோளாறு என்று அக்கா சொல்லியிருந்ததால் உடனே நிறுத்தினேன். சின்ன விலையில் அரைக் காசு தள்ளியது 600 முறை பெருகியிருக்கிறது. D2-வில் கடைசியில் இருக்கிற 2-ஐ 4 ஆக்கினேன். 11.8644 வந்தது. மதிப்பு 7,118.64, வரி 640.68 இரண்டு, மொத்தம் 8,400, ஒரு காசு மிச்சமில்லை. அந்தப் பில் முதல் தடவையே பாஸ்.

118 என்பது 18 சதவீதச் சாமானுக்கு மட்டும். 5 சதவீதத்துக்கு 105. ஏசிக்கு 2025 செப்டம்பர் 21 வரை 28 சதவீதம், அப்போது 128-ஆல் வகுக்க வேண்டும், அதற்குப் பிறகு 118. பழைய ஷீட்டை அப்படியே வைத்திருக்கிறவர்கள் அந்த எண்ணை ஒருமுறை பாருங்கள். 5-ம் 18-ம் கலந்த சாமான்களுக்கு மொத்தமாக ஒரு விலை பேசிவிட்டால் முழுத் தொகைக்கும் பெரிய விகிதமான 18 சதவீதமே விழ வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பேசும்போதே தனித்தனியாக எழுதி வாங்கிவிடுவதுதான் வழி.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகு பழைய பில் புக்கைப் புரட்டினேன். ஒரே பார்வையில் கண்டுபிடிக்கலாம்: மொத்தத்தில் 18 சதவீதம் அப்படியே வரியாக நின்றால் தப்பு, சரியான பில்லில் அது மொத்தத்தில் ஏறக்குறைய 15.25 சதவீதம்தான் வரும். கம்பெனிகளுக்குப் போட்ட மூன்று பில் சிக்கியது. அவை ரிட்டர்னில் ஏறிவிட்டதால் ரத்து செய்ய முடியாது, அடுத்து வரும் ஜிஎஸ்டிஆர்-1-இல் 9ஏ அட்டவணையில் திருத்த வேண்டும், நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் நேரம். திருத்தினால் அவர்கள் எடுத்த வரி வரவு குறையும் என்பதால் முதலில் அவர்களிடம் சொல்ல வேண்டும். ஒருவர் சரி என்று சொல்லிவிட்டார். மற்ற இருவரிடம் திங்கட்கிழமை பேசப் போகிறேன்.