பில் பாக்கி கேட்டு எழுதிய மின்னஞ்சல்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிளும் விலை அட்டையும் அச்சடித்துக் கொடுக்கிறேன். பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் 86,400 ரூபாய் பில் நின்றுபோனது. ஆர்டரிலேயே 30 நாள் கிரெடிட் என்று இருந்தது.

கெடு முடிந்த மறுநாள் முதல் மின்னஞ்சல், கணக்குப் பிரிவுக்கு: "மேடம், இந்த பில்லுக்கான கெடு நேற்று முடிந்தது. பில் நகலும் டெலிவரி சலானும் இணைத்திருக்கிறேன். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்." இதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. பல இடங்களில் பில் ஸ்டோரிலேயே தங்கிவிடும், கணக்குப் பிரிவின் கண்ணிலேயே பட்டிருக்காது.

பதில் இல்லை. அடுத்ததில் ஒரு கேள்வி சேர்ந்தது: "அளவிலோ தரத்திலோ குறை இருந்தால் தெரிவியுங்கள். இல்லையென்றால் எந்தத் தேதியில் பணம் அனுப்புவீர்கள் என்று சொல்லுங்கள்." 'முடிந்தால்', 'சிரமம் பார்க்காமல்' போன்றவற்றை எடுத்துவிட்டேன். "பில் சரிதான், அடுத்த வாரம் போடுகிறோம்" என்று பதில் வந்தது. பணத்தைவிட எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. பின்னால் 'சாயம் போச்சு, அச்சு சரியில்லை' என்று அவர்கள் கிளப்ப முடியாதே!

அந்த வாரமும் போனது. மூன்றாவது மின்னஞ்சல் கணக்கு மேலாளருக்கு, பர்ச்சேஸ் பிரிவுக்கும் ஒரு நகல். இப்போது தேதியை நானே குறித்தேன்: "அடுத்த வாரம் அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள், வரவில்லை. 25ஆம் தேதிக்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை புதிய ஆர்டரை அச்சுக்கு ஏற்ற இயலாது." வருத்தம், ஏமாற்றம் என்றெல்லாம் எழுதவில்லை. எழுதினால் பில்லை விட்டுவிட்டு அந்த வருத்தத்துக்குத்தான் பதில் வரும்.

உடனே பர்ச்சேஸ்காரர் போனில் வந்தார். "ஏனுங்க, இத்தனை வருசப் பழக்கம், இப்படி எழுதலாமுங்களா?" பேச்சில் நானும் இளகினேன். ஆனால் போனை வைத்ததும் ஒரு வரி அனுப்பினேன்: "இப்போது பேசியபடி பாதித் தொகை திங்களன்று, மீதி வியாழனன்று." திங்களன்று பாதி வந்தது. வியாழன் சும்மா போனது.

கடைசி மின்னஞ்சலில்தான் சட்டம் வந்தது. ஆர்டருக்கு முன்பே சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வாங்கியிருந்ததால் அதை எழுத முடிந்தது: "குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு வைக்க இயலாது. தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். மீதி அடுத்த வெள்ளிக்குள் வந்தால் வட்டி கேட்கமாட்டோம். வராவிட்டால் அரசின் சமாதான் தளத்தில் புகார் பதிவு செய்வோம்." இதை முதலிலேயே எழுதியிருந்தால் அடுத்த படிக்கு ஏற என்னிடம் எதுவும் மிஞ்சியிருக்காது.

அடுத்த வியாழன் மாலையே மீதி வந்துவிட்டது. வட்டி கேட்கவில்லை. அடுத்த ஆர்டருக்குப் பாதி அட்வான்ஸ் கேட்டேன், கொஞ்சம் முனகிவிட்டுக் கொடுத்தார்கள்.