45 நாள், எந்த நாளிலிருந்து? இரண்டு ஒரிஜினலில் ஒரு பக்கம் மாறியிருந்த கதை

பாரிமுனையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்தது இது. கட்சிக்காரர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு உதிரிபாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தார். வாங்குபவர் பெரிய நிறுவனம். இரண்டு வருட சப்ளை ஒப்பந்தம் முடியப் போகிறது, புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் பழைய ஒப்பந்தத்தை ஒரே பக்கத்தில் சுருக்கித் தரும்படி சீனியர் கேட்டார். வேலை குமாஸ்தா அம்மாவிடம் வந்தது. கட்சிக்காரர் தன்னுடைய ஒரிஜினலைக் கொடுத்திருந்தார். வாங்குபவர் தரப்பும் தங்கள் ஒரிஜினலை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பியிருந்தது.

இரண்டும் ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் படித்துச் சுருக்கம் எழுதுவதுதான் பெரும்பாலும் நடப்பது. இந்த அம்மா அப்படிச் செய்வதில்லை. ஒரு பிரதியைப் படித்து ஒரு தாளில் சுருக்கம் எழுதி, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த பிரதியை முதலிலிருந்து படித்து வேறு தாளில் எழுதுவார். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கண் ஏமாற்றிவிடும். முதல் பிரதியில் படித்ததையே இரண்டாவதிலும் படிப்பதாக மூளை நிரப்பிக்கொள்ளும். தனித்தனியே எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பிரதியிலேயே பதில் தேட வேண்டியிருக்கும். ஏழு பக்க ஒப்பந்தத்துக்கு இதனால் கூடுதலாக ஆனது முக்கால் மணி நேரம்.

அவருடைய தாளில் இன்னொரு வழக்கம் உண்டு, இங்கே காப்பாற்றியது அதுதான். கெடு வரும் எந்த வரியிலும் எண்ணை மட்டும் எழுத மாட்டார். எத்தனை நாள், எந்த நாளிலிருந்து, எந்த ஷரத்து, எந்தப் பக்கம் என்று நான்கும் எழுதுவார். பணம் கட்டும் கெடுவுக்கு “45 நாள்” என்று மட்டும் குறித்திருந்தால் இரண்டு தாளும் அச்சாகப் பொருந்தியிருக்கும், பிழை அப்படியே புதுப்பித்த ஒப்பந்தத்துக்கும் போயிருக்கும். அவர் எழுதியிருந்தது இப்படி: கட்சிக்காரர் பிரதி, 6ஆம் ஷரத்து, 4ஆம் பக்கம், சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து 45 நாள். வாங்குபவர் பிரதி, அதே ஷரத்து, அதே பக்கம், இன்வாய்ஸ் கணக்குப் பிரிவில் பதிவாகும் தேதியிலிருந்து 45 நாள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க அவர் ஒரு பழைய பில்லை எடுத்தார். சரக்கு போய், ஏற்றுக்கொண்டது ஜூன் 3. அதே பில்லில் கணக்குப் பிரிவின் முத்திரை ஜூன் 21. முதல் பிரதிப்படி பணம் ஜூலை 18க்குள் வர வேண்டும். இரண்டாவதுபடி ஆகஸ்ட் 5 வரை நேரம் இருக்கிறது. ஒரே பில்லுக்குப் பதினெட்டு நாள் வித்தியாசம், அதுவும் முத்திரை குத்துபவர் கையில் இருக்கும் வித்தியாசம்.

சட்டமும் இதில் நுழைகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இன் 15ஆவது பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்துக்கு எழுத்தில் எந்தக் கெடு பேசினாலும் அது சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 16ஆவது பிரிவுப்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. கட்சிக்காரரிடம் சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவு இருந்தது. அதனால் வாங்குபவர் பிரதியில் உள்ள வாசகம் அவர்களுக்கே ஆபத்தானது. அதை நம்பி ஆகஸ்டில் பணம் கட்டினால் ஜூலையிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்திருக்கும்.

“சார், வாங்கறவங்க பிரதிதான் தப்பு போல” என்று அந்த அம்மா சொன்னபோது சீனியர் சொன்னது: “எது தப்புன்னு நீ எழுதாதம்மா. எதுல என்ன இருக்குன்னு மட்டும் எழுது.” இதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பிரதியிலும் இரண்டு தரப்பும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இப்படிச் சில பிரதிகளாக எழுதி நிறைவேற்றிய ஆவணத்தில் ஒவ்வொரு பிரதியும் முதன்மைச் சான்றுதான். பழைய சாட்சியச் சட்டத்தின் 62ஆவது பிரிவு இதைத்தான் சொன்னது, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தின் 57ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. ஆகவே நம் கையில் இருப்பதுதான் உண்மையான ஒரிஜினல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எந்த வாசகத்துக்கு இருவரும் உடன்பட்டார்கள் என்பதை வேறு இடத்திலிருந்துதான் காட்ட வேண்டும்.

அந்த வேறு இடம் தாளிலேயே இருந்தது. முதலில் கண்ணில் பட்டது பக்கம் சேரும் இடம். பிரதிகளைச் சரிபார்க்கிறவர்கள் பலர் பக்க எண்ணை மட்டும் பார்ப்பார்கள். இரண்டு பிரதியிலும் 1 முதல் 7 வரை ஒழுங்காகத்தான் இருந்தது. அவர் செய்தது, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தது. கட்சிக்காரர் பிரதியில் எல்லா இடமும் சேர்ந்தது. வாங்குபவர் பிரதியில் 4ஆம் பக்கத்திலிருந்து 5க்குப் போகும் இடத்தில் வாக்கியம் அறுந்தது. தரக்குறைவு இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வாக்கியத்தில் “15 நாளுக்குள் எழுத்தில்” என்ற பகுதி எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரு முழு வரி காணவில்லை.

ஒரு வரி எப்படிக் காணாமல் போகும்? 6ஆம் ஷரத்தின் “இன்வாய்ஸ்” வாசகம் மற்றதைவிட நீளம். அது 4ஆம் பக்கத்தில் ஒரு வரி கூடுதலாகப் பிடிக்கும், பக்கத்தின் கடைசி வரி 5ஆம் பக்கத்துக்குத் தள்ளப்படும். 5ஆம் பக்கம் மட்டும் வாசகம் சுருங்கிய பிறகு அச்சானதாக இருந்தால், தள்ளப்பட்ட வரி அங்கே இருக்காது. அதாவது 4ஆம் பக்கம் ஒரு வரைவிலிருந்தும் 5ஆம் பக்கம் இன்னொரு வரைவிலிருந்தும் வந்திருக்கின்றன.

யாராவது பிறகு பக்கத்தை மாற்றிவிட்டார்களா என்ற சந்தேகம் கட்சிக்காரருக்கு உடனே வந்தது. கோபமாகக் கடிதம் எழுதச் சொன்னார். சீனியர் பொறுக்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவையும் ஒரு ஜூனியரையும் கிண்டியில் இருந்த வாங்குபவர் அலுவலகத்துக்கு, அவர்களிடம் நேரம் கேட்டு, ஒரிஜினலைப் பார்க்க அனுப்பினார். அங்கே ஸ்டேபிளைக் கழற்றவில்லை. பென்சிலால்கூட எதையும் குறிக்கவில்லை. ஸ்டேபிளைக் கழற்றினால் முக்கியமான ஒரு தடயம் கலைந்துபோகும்.

அந்தத் தடயம் ஸ்டேபிள் ஓட்டை. ஒரு தடவை ஸ்டேபிள் அடித்தால் ஒரு தாளில் இரண்டு ஓட்டை. கழற்றி மறுபடி அடித்தால் பழைய தாளில் நான்கு, புதிதாகச் சேர்ந்த தாளில் இரண்டு மட்டும். கட்சிக்காரர் ஒரிஜினலில் 4, 5ஆம் பக்கங்களில் இரண்டு ஓட்டை, மற்றவற்றில் நான்கு. வாங்குபவர் ஒரிஜினலில் 5ஆம் பக்கத்தில் மட்டும் இரண்டு, 4ஆம் பக்கம் உட்பட மற்ற எல்லாவற்றிலும் நான்கு. ஜன்னல் வெளிச்சத்தில் மூலையைச் சாய்த்துப் பிடித்தால் பழைய ஓட்டைகள் தெரிந்தன.

நடந்தது அதோடு விளங்கியது. கையெழுத்து நாளில் மூன்றாவது வரைவை இரண்டு செட்டாக அச்சிட்டு, ஸ்டேபிள் அடித்து, பக்கங்களில் கையெழுத்தும் போட்டாயிற்று. அப்புறம்தான் 6ஆம் ஷரத்தைத் திருத்தினார்கள். அதனால் 4, 5ஆம் பக்கங்கள் இரண்டும் மாறின. 5ஆம் பக்க அடியில் இடம் மிச்சம் இருந்ததால் 6ஆம் பக்கம் அசையவில்லை. இரண்டு செட்டுக்கும் சேர்த்து நான்கு தாள் மாற வேண்டும், மூன்றுதான் மாறியது. வாங்குபவர் செட்டில் பழைய 4ஆம் பக்கம், அதில் ஏற்கெனவே இருந்த கையெழுத்தோடு, அப்படியே தங்கிவிட்டது. பிற்பாடு யாரேனும் ரகசியமாக ஒரு தாளைச் செருகியிருந்தால் அந்தத் தாளில் நான்கு ஓட்டை இருந்திருக்காது. ஓட்டை மட்டும் நீதிமன்றத்துக்குப் போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்து நாளில், இந்தத் திருத்தத்துக்குப் பின், வாங்குபவர் தரப்பே அனுப்பிய மெயிலில் `Supply_Agmt_v4.docx` இணைப்பாக இருந்தது, அதில் “ஏற்றுக்கொண்ட தேதி” என்றே இருந்தது. இரண்டும் ஒரே திசையைக் காட்டின.

குமாஸ்தா எழுதிய குறிப்பு ஒரு பக்கம்தான். ஷரத்து, பக்கம், இரண்டு வாசகமும் எழுத்துப் பிசகாமல், அறுந்த வாக்கியம், ஒவ்வொரு பக்கத்தின் ஓட்டை எண்ணிக்கை, ஒரிஜினலை எந்தத் தேதியில் யார் முன்னிலையில் பார்த்தது, மெயிலின் தேதி, இணைப்பின் பெயர். “மோசடி”, “தவறு” என்ற வார்த்தைகள் அதில் இல்லை. அந்தக் குறிப்பையே கடிதத்தோடு அனுப்பினார்கள். வாங்குபவர் தரப்பின் சட்டப் பிரிவு இரண்டாம் நாள் கூப்பிட்டு, தங்கள் மெயிலையும் பார்த்துவிட்டதாகச் சொல்லி ஒத்துக்கொண்டது. கட்சிக்காரர் கேட்டபடி கோபக் கடிதம் முதலில் போயிருந்தால் இது இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது என்பது என் கணிப்பு. அவர்கள் மறுத்திருந்தால், இருவரின் பொதுத் தவறால் உண்மையான நோக்கத்தைக் காட்டாத ஆவணத்தைத் திருத்தக் கோரி, தனிக்குறை தீர்வுச் சட்டம் 1963இன் 26ஆவது பிரிவுப்படி வழக்குப் போட வேண்டியிருக்கும்.

திருத்துவது எப்படி என்பதில்தான் அடுத்த தவறு நடக்கப் பார்த்தது. வாங்குபவர் அலுவலகத்தில் பழைய 4ஆம் பக்கத்தை எடுத்துவிட்டு நல்ல பக்கத்தைச் செருகலாம் என்றார்கள். அப்படிச் செய்தால் இத்தனை நாள் அந்தப் பிரதி எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியே இருக்காது. அதோடு, கையெழுத்தான ஆவணத்தில் தாளை மாற்றியது யார் என்ற கேள்வி பிற்பாடு எழும். பேனாவால் அடித்துத் திருத்துவதும் வேண்டாம் என்று முடிவாயிற்று. இரண்டு பக்க நீளத்தில் தனியாக ஒரு திருத்த ஒப்பந்தம் முத்திரைத்தாளில் தயாரானது. வாங்குபவர் ஒரிஜினலின் 4ஆம் பக்கம் முந்தைய வரைவைச் சேர்ந்தது, சரியான வாசகம் இணைப்பில் உள்ளது, அது ஒப்பந்தத் தேதியிலிருந்தே பொருந்தும், இடையில் வந்த பில்களுக்கும் அதுவே கணக்கு என்று அதில் எழுதினார்கள். மூல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே அதிகாரிகள் இதிலும் கையெழுத்திட்டார்கள்.

கையெழுத்து அன்று திருத்த ஒப்பந்தத்தில் ஒரு தேதியை மாற்றச் சொன்னார்கள். அந்த அம்மா ஒரு பக்கத்தை மட்டும் அச்சிடவில்லை. இரண்டு செட்டையும் முழுதாகப் புதிதாக எடுத்து, பழைய தாள்களைக் குறுக்கே கோடு போட்டு ஃபைலில் தனியே வைத்தார். ஜூனியர் ஒரு செட்டை வாசிக்க, அவர் மற்றதைப் பார்த்தபடி கமா வரை சரிபார்த்தார். பக்கம் மாறும் இடங்களை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஸ்டேபிள் அடித்தார், ஒரே தடவை.