நான்கு ஆண்டு குரூப் 1 தயாரிப்பை ரெஸ்யூமேயில் எழுதிய கதை

பி.காம் முடித்து கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தேன். 2020-ல் அதை விட்டுவிட்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 1-க்குப் படிக்க உட்கார்ந்தேன். 2022 நவம்பரில் நடந்த முதல்நிலைத் தேர்வில் தேறி, 2023 ஆகஸ்டில் முதன்மைத் தேர்வும் எழுதினேன். இறுதிப் பட்டியலில் பெயர் இல்லை. 2024-ல் போதும் என்று முடிவெடுத்து, தனியார் நிறுவனங்களில் தரவுகளை அறிக்கைகளாகத் தொகுத்துக் கொடுக்கும் எம்ஐஎஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினேன்.

ரெஸ்யூமேயின் தலையில் வரும் நான்கு வரிச் சுருக்கத்தில்தான் சிக்கல். அந்த நான்கு ஆண்டுகளை அங்கே சொல்வதா, விடுவதா?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் என்னோடு படித்த அண்ணன் ஒருவர் இப்போது பெருங்குடியில் ஹெச்ஆர். அவரிடம் கேட்டேன். "சும்மா இருந்தியான்னு சந்தேகம் வந்தா கூட ஒரு கேள்வியோட போயிடும் தம்பி. அடுத்த நோட்டிபிகேஷன் வந்ததும் ஓடிடுவியான்னுதான் எங்களுக்குப் பயம்" என்றார். என்ன செய்தேன் என்பதோடு, அது முடிந்துவிட்டது என்பதையும் எழுத வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

தேதியை நீட்டி மறைக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. பழைய வேலை 2022 வரை இருந்ததாகப் போட்டால் இடைவெளி பாதியாகிவிடுமாம். பிஎஃப் பிடித்த வேலை என்றால் யூஏஎன் கணக்கில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இடைவெளிக்காக யாரும் ஆஃபரைத் திரும்பப் பெறுவதில்லை, பொய்த் தேதிக்காகப் பெறுவார்கள். 'குரூப் 1 குவாலிஃபைட்' என்று எழுதுவதும் அதே வகைதான். படிப்பவர் வேலையே கிடைத்துவிட்டது என்று நினைப்பார், நேர்காணலில் விளக்கப் போனால் முகம் மாறும். எந்தக் கட்டம் வரை போனோமோ அதை அப்படியே எழுதினால் போதும்.

அடுத்தது, அந்த ஆண்டுகளில் வேலைக்கு உதவும்படி என்ன இருக்கிறது என்று தேடியது. 'விடாமுயற்சி', 'பொது அறிவு' எல்லாம் எம்ஐஎஸ் மேலாளருக்கு ஒன்றும் சொல்லாது. ஆனால் அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையத்தில் பகுதிநேரமாக முதன்மைத் தேர்வு மாதிரி விடைத்தாள்களைத் திருத்தியிருந்தேன். ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும், எந்தக் கேள்வியில் யார் எவ்வளவு இழந்தார்கள் என்று எக்செல்லில் பிவட் போட்டு மையத்துக்குக் கொடுப்பேன். கைச்செலவுக்குச் செய்தது, வேலை என்றே நினைத்ததில்லை. மையத்திடம் லெட்டர்ஹெட்டில் ஒரு அனுபவக் கடிதம் கேட்டேன், கொடுத்தார்கள். கடிதம் வந்தபின்தான் சுருக்கத்தில் சேர்த்தேன். சம்பளம் ரொக்கமாக வந்தால் வேறு சான்றே இருக்காது.

கடைசியில் நின்ற சுருக்கம், ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால், இப்படி:

"வணிகவியல் பட்டதாரி. கணக்குப் பிரிவில் இரண்டு ஆண்டு அனுபவம்: ஜிஎஸ்டி தாக்கல், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு. 2022–24 பயிற்சி மையத்தில் பகுதிநேர விடைத்தாள் மதிப்பீடு, டெஸ்ட்வாரி எக்செல் அறிக்கைகள். 2020–24 டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தயாரிப்பு: முதல்நிலைத் தேர்ச்சி, முதன்மைத் தேர்வு எழுதியது, 2024-ல் நிறைவு."

வரிசையை வேண்டுமென்றே இப்படி வைத்தேன். தேர்வை முதல் வரியில் போட்டால் மற்ற எல்லாவற்றையும் 'தேர்வு எழுதும் பையன்' என்ற கண்ணோடுதான் படிப்பார்கள். சுருக்கத்தில் ஒரே வரி, கீழே அனுபவப் பகுதியில் தேதியோடு இரண்டு வரி, அவ்வளவுதான். எத்தனை முறை எழுதினேன், எத்தனை மதிப்பெண்ணில் போனது என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. அதைச் சொல்ல நமக்குத்தான் ஆசை!

முதல்நிலையே தேறாதவர்கள் என்ன செய்வது என்று நண்பன் கேட்டான். அவன் டியூஷன் எடுத்திருந்தான். அதை முன்னால் வைத்து, தேர்வுக்கு 'முழுநேரத் தயாரிப்பு, 2024-ல் நிறைவு' என்று மட்டும் எழுதச் சொன்னேன். எந்தக் கட்டம் என்று அவனே எழுதத் தேவையில்லை. கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும். ஆனால் இன்னும் எழுதும் எண்ணம் இருப்பவர்கள் 'நிறைவு' என்று போடக் கூடாது, அதுவும் பொய்த் தேதி மாதிரிதான்.

இதற்குப் பிறகு அழைப்புகள் வந்தன, எல்லாம் வேலையாகவில்லை. அம்பத்தூரில் ஒரு நேர்காணலில் அண்ணன் சொன்ன கேள்வியே வந்தது: "அடுத்த குரூப் 1 வந்தா?" விண்ணப்பிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அறிக்கையின் மாதிரி ஒன்றைப் பெயர்களை நீக்கி லேப்டாப்பில் காட்டினேன். மீதி நேரம் முழுக்க அந்தப் பிவட் டேபிள் பற்றித்தான் பேச்சு. இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறேன்.