ஹேஷ் டேபிளை விரிக்கும்போது தொலைந்துபோன சாவிகள்

பாடத்திட்டத்தின் மூன்றாவது பயிற்சியாக, எண்களைச் சாவியாகக் கொண்ட ஒரு சிறிய ஹேஷ் டேபிளை சி மொழியில் எழுதித் தர வேண்டியிருந்தது. தொடக்கத்தில் எட்டு பக்கெட்டுகள். ஒரே பக்கெட்டில் வந்து மோதும் சாவிகளை லிங்க்டு லிஸ்ட் சங்கிலியாகக் கோக்க வேண்டும். முக்கால் பங்கு நிரம்பியதும் பக்கெட்டுகளை இரட்டிப்பாக்க வேண்டும். சேர்ப்பதும் தேடுவதும் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. நான் எழுதிய எட்டு சாவிச் சோதனையும் பிழையின்றி ஓடியதால் நம்பிக்கையோடு சமர்ப்பித்தேன்.

தானியங்கித் திருத்தி அதைத் திருப்பி அனுப்பியது. எந்தச் சாவியில் பிழை, எத்தனையாவது படியில் என்ற விவரம் எதுவும் இல்லை. "தேடல் தவறு" என்ற ஒரே வரிதான் இருந்தது. ஆய்வகத்தில் இருந்த உதவியாளரிடம் கேட்டபோது, அவர் நிரலைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஹேஷ் பங்ஷன் சரியில்லை, மோதல் அதிகமாக இருக்கும், அதை மாற்றுங்கள்" என்றார். அதை நம்பி இரண்டு நாட்கள் பெருக்கும் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அந்த இரண்டு நாட்களை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. மோசமான ஹேஷ் பங்ஷன் தேடலை மெதுவாக்குமே தவிர, போட்ட சாவியை ஒருபோதும் தொலைக்காது. தொலைகிறது என்றால் பிழை சங்கிலியைக் கையாளும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

இது உறைத்த பிறகு, அவர் சொன்னதற்கு நேர் எதிரானதைச் செய்தேன். ஹேஷ் பங்ஷன் எப்போதும் `0` என்றே திருப்பித் தருமாறு மாற்றினேன். எல்லாச் சாவிகளும் ஒரே பக்கெட்டில் விழுந்து ஒரே நீண்ட சங்கிலியாகிவிடும். டேபிள் மெதுவாக இருக்கலாம், ஆனால் விடை சரியாக வந்தாக வேண்டும். 1 முதல் 10 வரை வரிசையாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சேர்த்தவை அனைத்தையும் தேடிப் பார்த்தேன். எட்டாவது வரை எல்லாம் கிடைத்தன. ஒன்பதாவதைச் சேர்த்த கணத்தில் 1 முதல் 7 வரை மொத்தமாகக் காணாமல் போயின. எட்டும் ஒன்பதும் மட்டுமே மிஞ்சின. ஆனால் `count` மட்டும் 9 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவதைச் சேர்ப்பதற்குச் சற்று முன்புதான் டேபிள் விரிகிறது. அங்கே நான் எழுதியிருந்தது இது:

```c
for (n = old[i]; n; n = n->next) {
    j = hash(n->key) % newcap;
    n->next = fresh[j];
    fresh[j] = n;
}
```

புதிய சாவியைச் சங்கிலியின் தலையில் சேர்ப்பதால், விரியும் நேரத்தில் தலையில் இருந்தது 8. அதைப் புதிய பக்கெட்டுக்கு மாற்றும்போது, அந்தப் பக்கெட் காலியாக இருப்பதால், அதன் `next` `NULL` ஆகிவிடுகிறது. அடுத்த நொடியில் லூப் அதே `next`-ஐப் பார்த்து, சங்கிலி முடிந்துவிட்டது என்று நின்றுவிடுகிறது. 7-க்குப் போகும் வழியை நானே அழித்திருக்கிறேன். பக்கெட்டுகளை இரட்டிப்பாக்கும்போது ஒரு பழைய பக்கெட்டின் சாவிகள் வேறெந்தப் பழைய பக்கெட்டின் சாவிகளோடும் கலப்பதில்லை என்பதால், ஒவ்வொரு சங்கிலியிலும் தலை மட்டுமே தப்பும். அடுத்ததை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதுதான் தீர்வு:

```c
for (n = old[i]; n; n = after) {
    after = n->next;
    j = hash(n->key) % newcap;
    n->next = fresh[j];
    fresh[j] = n;
}
```

என் எட்டு சாவிச் சோதனை இதை ஏன் பிடிக்கவில்லை என்பது அதற்குப் பிறகும் உறுத்தியது. முக்கால் பங்கு என்றால் ஏழு சாவிகள் இருக்கும்போதே, அதாவது எட்டாவதைச் சேர்க்கும்போதே டேபிள் விரிந்திருக்க வேண்டும். நான் எழுதிய நிபந்தனை `count / cap > 0.75`. இரண்டும் முழு எண்கள் என்பதால் 7 / 8 என்பது சுழியம். எட்டும் நிரம்பி 1 ஆன பிறகுதான் நிபந்தனை உண்மையாகிறது. ஒரு பிழை இன்னொரு பிழையை மறைத்துக் காத்திருக்கிறது! அதை `count * 4 > cap * 3` என்று மாற்றினேன். இதை மட்டும் முதலில் திருத்தியிருந்தால், என் பழைய சோதனையே சாவிகள் தொலைவதைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடும்.

இதே பயிற்சியைச் செய்பவர்கள், எல்லாப் பக்கெட்டுகளையும் நடந்து கணுக்களை எண்ணி அந்த எண்ணிக்கையை `count`-உடன் ஒப்பிடும் ஒரு சிறிய பங்ஷனை முதல் நாளே எழுதிவிடுங்கள். டேபிள் விரிந்த உடனே அதை அழைக்க வேண்டும். நீக்கும் பகுதியையும் `0` திருப்பும் ஹேஷோடு ஓட்டி, சங்கிலியின் தலை, நடு, கடைசி என மூன்று இடங்களிலிருந்தும் ஒவ்வொன்றை நீக்கிப் பாருங்கள். தலையை நீக்கும்போது பக்கெட்டில் உள்ள பாயிண்டரையே மாற்ற வேண்டும் என்பதை நான் விட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் முறை சமர்ப்பித்தபோது, ஹேஷ் பங்ஷன் முதல் நாள் எழுதிய அதே கணக்காகத்தான் இருந்தது. தானியங்கித் திருத்தி எல்லாச் சோதனைகளையும் ஏற்றுக்கொண்டது.