உறவுமுறைக் கேள்விக்கு ஒரு வரைபடம், திசைக்கு இன்னொன்று

வங்கித் தேர்வுக்குத் தயாரான காலத்தில் என்னை அதிகம் தாமதப்படுத்தியவை உறவுமுறையும் திசையும் ஒரே கேள்வியில் பின்னிவரும் புதிர்கள்தாம். முதல்நிலைத் தேர்வின் தர்க்கத்திறன் பகுதியில் 35 கேள்விகளுக்கு 20 நிமிடமே கிடைப்பதால், மனத்திலேயே உறவுகளைச் சுமப்பதைக் கைவிட்டு, எழுதுதாளில் குடும்ப மரம் வரையப் பழகினேன்.

குறியீடுகள் மிகக் குறைவு. ஆணுக்கு +, பெண்ணுக்கு −, தெரியாதவருக்கு ?; தம்பதியருக்கு இரட்டைக் கோடு, உடன்பிறந்தவருக்கு ஒற்றைக் கோடு, பெற்றோர் மேல் வரிசையில், பிள்ளைகள் கீழே. முன்னோர் பின்னர் வரக்கூடும் என்பதால் முதல் பெயரைத் தாளின் நடுவில் எழுதுவேன்.

ஒரு கேள்வியைப் பார்ப்போம். கமலாவின் மகன் செல்வம். செல்வத்துடன் பிறந்தவர் மணி. மணியின் வாழ்க்கைத்துணை பாரதி. பாரதி, மணி தம்பதியரின் மகள் தேவி. செல்வத்தின் வீடு கமலாவின் வீட்டுக்கு 6 மீட்டர் வடக்கே உள்ளது. அங்கிருந்து 8 மீட்டர் கிழக்கே பாரதியின் வீடு, அதற்கு 12 மீட்டர் தெற்கே தேவியின் வீடு. பாட்டியின் வீட்டிலிருந்து தேவியின் வீடு எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளது?

மரத்தில் கமலா முதல் வரிசையிலும், செல்வம், மணி, பாரதி மூவரும் இரண்டாம் வரிசையிலும், தேவி மூன்றாம் வரிசையிலும் அமைவதால், பாட்டி கமலாதான் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. இந்த இடத்தில்தான் கவனம் தேவை. மரத்தில் மேலே இருப்பது மூத்த தலைமுறை. திசைப்படத்தில் மேலே இருப்பது வடக்கு. செல்வம் மரத்தில் தாய்க்குக் கீழே நின்றாலும் அவர் வீடு தாயின் வீட்டுக்கு மேலே வரும். ஆகவே இரண்டையும் ஒரே படத்தில் அடக்காமல், தாளின் இடப்பக்கம் மரத்தையும் வலப்பக்கம் திசையையும் தனித்தனியே வரைவேன்.

வடக்கே 6, தெற்கே 12 என்பதால் நிகரம் தெற்கே 6, கிழக்கே 8. √(6² + 8²) = 10. தேவியின் வீடு தென்கிழக்கில் 10 மீட்டர் தொலைவில் உள்ளது. ‘தேவியின் வீட்டிலிருந்து பாட்டியின் வீடு’ என்று கேட்டிருந்தால் தொலைவு மாறாது, திசை மட்டும் வடமேற்காகும். எனவே ‘இருந்து’ என்ற உருபைப் பெற்ற வீட்டைத்தான் வட்டமிட்டுத் தொடங்குவேன்.

மணி, பாரதி இருவருக்கும் நான் ? மட்டுமே இட்டிருந்தேன், ஏனெனில் பெயரைக் கொண்டு ஆணா பெண்ணா என்று முடிவு செய்ய இத்தகைய புதிர்களில் இடமில்லை. திசைக் கேள்விக்கு அது தடையாகவில்லை. ஆனால் ‘பாரதி செல்வத்துக்கு என்ன உறவு?’ என்பது அடுத்த கேள்வியாக இருந்தால், அந்த ? நீங்காதவரை ‘தீர்மானிக்க இயலாது’ என்பதே சரியான விடை.