நாக்கில் குற்றமில்லை

தமிழையா காலமான செய்தி சிங்கப்பூரில் ஒரு வேலை நாளில் வந்தது. நம் பள்ளியின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார்கள். வேறு எதை எழுதுவது என்று தோன்றவில்லை. காலை வழிபாட்டு அறிவிப்புகளை எழுதவும் திருத்தவும் அவர் கற்றுக்கொடுத்ததைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் செட்டில் ஒருவன் வழிபாட்டில் அறிவிப்பு வாசித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். "வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளி வளாகத்தில் வள்ளல் அழகப்பர் விழா தொடங்கும்." இரண்டாவது சொல்லைத் தாண்டும்போதே தடுமாறினான். 'வல்லல் அளகப்பர்' என்று முடித்ததும் மைதானமே சிரித்தது. அவன் அழுதுகொண்டே வகுப்புக்குப் போனான். ஐயா அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த எங்களைத்தான் கூப்பிட்டார். "அவன் நாக்குல குத்தமில்லப்பா. நீங்க எழுதுன வரியில இருக்கு."

கரும்பலகையில் அந்த வரியை எழுதி ல, ள, ழ வரும் இடங்களை எல்லாம் அடிக்கோடிடச் சொன்னார். 'ள்ள' என்பதை ஒன்றாக எண்ணினால் பதினோரு இடம். பிறகு அவற்றை மட்டும் வரிசையாக எழுதினார்: ள, ழ, ல, ழ, ள, ள, ல, ள, ல, ழ, ழ. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நாக்கு மாறும் இடங்கள் எட்டு.

சிக்கல் ழகரம் நிறைய இருப்பதால் வருவதில்லை என்றார். 'விழா' என்று பத்து முறை சொன்னாலும் நாக்கு ஒரே இடத்துக்குத்தான் போகும். லகரத்துக்கு நுனி மேல்பல்லின் அடியை ஒட்டும். ளகரத்துக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளைந்தும் தொடாமல் நிற்கும். மூன்றும் அண்டை வீட்டு ஒலிகள். அவை மாறி மாறி வரும்போது, அடுத்து வரவேண்டிய ஒலி முந்திக்கொண்டு வந்து இந்தச் சொல்லில் ஏறிவிடுகிறது. பேச்சில் ழகரத்தை ளகரமாகவே சொல்லிப் பழகிய நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம்.

திருத்தும்போது அவர் எல்லாச் சொல்லையும் மாற்ற விடவில்லை. அழகப்பர் பெயரில் கை வைக்க முடியாது. 1909-இல் கோட்டையூரில் பிறந்து, காரைக்குடியில் கல்லூரிகளை எழுப்பியவர் அவர். 'வள்ளல்' என்பதையும் விட்டுவிட மனம் வராது. ஆகவே அந்த இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றியிருப்பதை இலேசாக்கச் சொன்னார். 'வெள்ளிக்கிழமை'யை 'வெள்ளியன்று' ஆக்கினோம். ஒரு ழகரம் போயிற்று. 'பள்ளி வளாகத்தில்' என்பது 'நம் மைதானத்தில்' ஆனது. ஒட்டி நின்ற 'வள்ளல் அழகப்பர்' முன்பின்னாகி 'அழகப்பர் என்ற வள்ளலை' என்று வந்தது. நடுவில் நாக்குக்குச் சிரமமில்லாத ஒரு சொல் கிடைத்துவிட்டது. கடைசியில் நின்றது இது:

"வரும் வெள்ளியன்று நம் மைதானத்தில் கூட்டம் நடக்கும். நேரம், காலை ஏழு மணி. அழகப்பர் என்ற வள்ளலை அன்று போற்றுகிறோம்."

ஏழு இடம்தான். ஒரு வாக்கியத்துக்குள் நாக்கு மாறுவது மொத்தம் நான்கு முறை. முற்றுப்புள்ளியில் ஓய்வும் உண்டு. 'விழா' போய் 'கூட்டம்' வந்ததில் எனக்கு அன்றும் நிறைவில்லை. விழாவின் மகிழ்ச்சி கூட்டத்தில் இல்லை. ஐயாவும் அதை ஒத்துக்கொண்டார். கேட்பவருக்கு நாளும் நேரமும் போய்ச் சேர வேண்டிய அறிவிப்பில் அதை விட்டுக்கொடுக்கலாம், அழைப்பிதழில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றார்.

சோதிக்கும் முறைதான் மிகவும் பயன்பட்டது. மனதுக்குள் படித்தால் எந்த வரியும் வழுக்காது. எழுதியவன் சத்தமாகப் படித்தாலும் போதாது, அவனுக்கு அடுத்த சொல் தெரியும். அந்தத் தாளை முன்பு பார்த்திராத ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு, கொஞ்சம் வேகமாக வாசிக்கச் சொல்வார். தப்பு வரும் இடத்தை மட்டுமல்ல, வேகம் குறையும் இடத்தையும் பென்சிலால் குறிப்பார். தப்பில்லாமல் ஆனால் தயங்கிப் படித்த இடம், மேடையில் தப்பாகும் என்பது அவர் கணக்கு. அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

சிங்கப்பூரில் தேங்க் ரோடு முருகன் கோயிலில் தைப்பூச அறிவிப்புகளை இங்கே வளர்ந்த பிள்ளைகள் வாசிக்கிறார்கள். நான் எழுதிக் கொடுப்பதை முதலில் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவர்கள் திக்காமல் வாசிக்கும்போதெல்லாம் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைப்பேன். எழுதவில்லை.

செய்யுளில் மட்டும் இதைச் செய்யவே கூடாது என்பார். கம்பன் ஒலிகளை அடுக்கியிருந்தால் அது வேண்டுமென்றே அடுக்கியது. அங்கே பாட்டைத் திருத்தாமல் மூச்சைத் திருத்த வேண்டும். எங்கே நிறுத்துவது, எந்தச் சீரில் மூச்சு எடுப்பது என்று அடுத்த ஆண்டு கம்பன் விழாவுக்காகச் சொல்லித்தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் நான் கிளம்பி வந்துவிட்டேன். எனக்குப் பின் அவரிடம் அதைக் கற்றவர்கள் நம் பழைய மாணவர் சங்கத்தில் இருப்பீர்கள். அவர் பாட்டுகளில் போட்ட குறிகள் யாரிடமாவது இருந்தால், அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கள்.